ஆறு தாமதமா, இரண்டா?

திருப்பூர் ஏற்றுமதி அலுவலகங்களில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு மெயில் வந்து விழும். வெளிநாட்டு பையர், அதாவது சரக்கு வாங்கும் கடைச் சங்கிலி, அனுப்பும் ஸ்கோர்கார்டு அது. பள்ளியில் தரும் மதிப்பெண் அட்டை மாதிரிதான்: நேரத்துக்கு அனுப்பியது எத்தனை சதவீதம், தரச் சோதனையில் தேறியது எத்தனை சதவீதம். கூடவே ஒரு வரி இருக்கும். இந்தத் தேதியில் காலாண்டு ஆய்வுக் கூட்டம், வீடியோவில், முக்கால் மணி நேரம்.

அந்த முக்கால் மணி நேரத்துக்கு எப்படித் தயாராவது, முடிந்த பிறகு எழுதும் மெயிலில் எந்தச் சொல்லை எங்கே வைப்பது என்பதற்கு 2023 அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான காலாண்டு நல்ல உதாரணம். அந்த மூன்று மாதத்தில் எல்லாமே நடந்தது. டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பேய்மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அதே வாரத்தில் செங்கடலில் கப்பல்கள் மீது நடந்த தாக்குதல்களால் பெரிய கப்பல் நிறுவனங்கள் சூயஸ் கால்வாய் வழியை விட்டுவிட்டு, ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு போகத் தொடங்கின. ஐரோப்பாவுக்குப் பத்துப் பதினைந்து நாள் கூடுதல். தென் தமிழ்நாட்டிலிருந்து சரக்கு அனுப்பியவர்களுக்கு இரண்டும் ஒன்றாக வந்தன.

இனி சொல்லப்போகும் கம்பெனி எந்த ஒரு குறிப்பிட்ட கம்பெனியும் அல்ல. அந்தக் காலாண்டின் நிலைமையை வைத்து, புரிய வசதியாகச் சின்ன எண்களில் கட்டிய உதாரணம். நடுத்தர அளவு ஏற்றுமதியாளர். பாதி வியாபாரம் ஒரே பிரிட்டிஷ் பையரிடம். அந்தக் காலாண்டில் 24 ஆர்டர். பிப்ரவரி 13, செவ்வாய்க்கிழமை, நம் நேரம் பிற்பகல் 3.30க்குக் கூட்டம், அவர்களுக்கு அது காலை பத்து.

ஸ்கோர்கார்டைத் திறந்த மெர்ச்சண்டைசர், பையரோடு பேசி ஆர்டரை நகர்த்துகிற பெண், முதலாளியின் அறைக்குப் போகிறார்.

“சார், எழுபத்தஞ்சு போட்டிருக்காங்க. இருபத்திநாலுல ஆறு லேட்டாம்.”

“ஆறா? ஏம்மா, நம்ம ஷீட்ல ரெண்டுதானுங்களே இருக்குது?”

பெரும்பாலான கம்பெனிகள் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். முதலாளிக்கு உடனே தோன்றுவது, கூட்டத்தில் நம் ஷீட்டைக் காட்டி வாதாட வேண்டும் என்பது. ஸ்லைடு தயாராகும், அதில் 92 சதவீதம் என்று பெரிதாகப் போடுவார்கள். கூட்டத்தின் ஐந்தாவது நிமிடத்தில் பையர் தன் 75ஐக் காட்டுவார். மீதி நாற்பது நிமிடமும் யார் கணக்கு சரி என்பதிலேயே போகும். அடுத்த சீசன் ஆர்டர் பற்றிப் பேச நேரமே இருக்காது. பேசப் போகும் குறிப்புகளை எழுத உட்காரும் முன்பே முடித்துவிட வேண்டிய வேலை, இந்த இரண்டு எண்களும் ஏன் வேறு வேறாக இருக்கின்றன என்று கண்டுபிடிப்பது. டேலி பண்ணுவது என்று கணக்குப்பிள்ளைகள் சொல்வார்களே, அதுதான்.

முதலில் காலாண்டு என்பதே ஒன்றா என்று பார்க்க வேண்டும். பிரிட்டிஷ் கடைகள் சிலவற்றின் நிதியாண்டு ஜனவரி கடைசியில் முடியும். அவர்கள் காலாண்டு என்று சொல்வது நவம்பர் முதல் ஜனவரி வரையாக இருக்கலாம். இந்த உதாரணத்தில் அந்தச் சிக்கல் இல்லை. இருவரும் ஒரே 24 ஆர்டரைத்தான் எண்ணுகிறார்கள்.

அடுத்து, தாமதம் என்று குறிக்கப்பட்ட ஆறு ஆர்டரையும் ஒவ்வொன்றாக எடுத்து, நான்கு தேதி எழுத வேண்டும். பையர் மாதிரிக்கு ஒப்புதல் தந்த தேதி, சரக்கு பேக்டரியை விட்டுக் கிளம்பிய தேதி, கப்பல் ஏறிய தேதி, லண்டன் பக்கத்துக் கிடங்கில் இறங்கிய தேதி. மெர்ச்சண்டைசர் ஒரு முழு நாள் பழைய மெயில்களையும் கப்பல் ரசீதுகளையும் புரட்டி அதைச் செய்தார். ஆறும் நான்கு கூறாகப் பிரிந்தது.

இரண்டு ஆர்டர், சந்தேகமே இல்லாமல் நம் தப்பு. சாயம் தேறாமல் திரும்பச் சாயமேற்றியதில் ஒன்பது நாள் போனது. முதலாளி சொன்ன இரண்டும் இவைதான்.

இன்னும் இரண்டு, நேரத்துக்குக் கப்பல் ஏறியவை. தூத்துக்குடியில் ஏற்றி, கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாற்றி, அங்கிருந்து போகும் வழியில் கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றிவிட்டது. பையரின் கணினி கிடங்கில் இறங்கிய தேதியை மட்டும் பார்க்கிறது. அதனால் தாமதம்.

ஒன்றில், நிறமாதிரிக்கு, லேப் டிப் என்பார்கள், பையர் தர வேண்டிய ஒப்புதல் 11 நாள் பிந்தி வந்தது. கப்பல் தேதி மட்டும் ஆர்டரில் பழையபடியே நின்றது.

ஆறாவது ஆர்டர்தான் முதலாளிக்குக் கசந்தது. வெள்ள வாரத்தில் கிளம்பிய லாரி வழியில் மாட்டிக்கொண்டது. கன்டெய்னர் போக வேண்டிய கப்பல் போய்விட்டது. பேக்டரியை விட்டுக் கிளம்பியது சரியான நாளில்தான். அதனால் கம்பெனி ஷீட்டில் அது ‘நேரத்துக்கு’ என்று பதிவாகியிருந்தது. ஆனால் ஆர்டரில் இருக்கும் விற்பனை நிபந்தனை எஃப்.ஓ.பி. தூத்துக்குடி. பாரிசில் உள்ள சர்வதேச வர்த்தக சபை வெளியிடும் இன்கோடெர்ம்ஸ் விதிகளின்படி, எஃப்.ஓ.பி. என்றால் சரக்கு கப்பலில் ஏறும்வரை பொறுப்பு விற்பவருடையது. ஏறிய நொடியிலிருந்து வாங்குபவருடையது. அந்தக் கோட்டை வைத்துப் பார்த்தால் செங்கடல் தாமதம் இரண்டும் பையர் பக்கம். வெள்ளத் தாமதம் நம் பக்கம்.

ஆக, நம் தாமதம் இரண்டும் அல்ல, ஆறும் அல்ல. மூன்று. 24இல் 21, அதாவது 87.5 சதவீதம். ஒப்புதல் பிந்திய ஆர்டர் தனி.

இந்த 87.5 என்ற எண்ணுக்கு ஒரு பலம் இருக்கிறது. அது கம்பெனி முதலில் நம்பியதைவிடக் குறைவு. தனக்குப் பாதகமான ஒரு ஆர்டரைத் தானே எண்ணிக் காட்டுபவர் மற்ற மூன்றைப் பற்றிச் சொல்லும்போது எதிரில் இருப்பவர் காது கொடுப்பார். இது நல்லொழுக்கப் பாடம் அல்ல, பேரம் பேசும் எவருக்கும் தெரிந்த நடைமுறை. வெள்ளத்தை யாரும் தவிர்த்திருக்க முடியாது என்று ஒரு வாக்கியத்தில் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆனால் எண்ணிக்கையிலிருந்து அதை நீக்கக் கேட்டால், செங்கடலுக்குக் கிடைக்க வேண்டிய நியாயமும் சேர்ந்து போய்விடும்.

இந்த ஆறு வரி ஷீட்டைக் கூட்டத்தில்தான் முதன்முதலாகக் காட்ட வேண்டுமா? கூடாது. பையர் அலுவலகத்தில் தினமும் மெயில் போட்டுக்கொள்ளும் அந்தப் பக்கத்து மெர்ச்சண்டைசருக்கு வெள்ளிக்கிழமையே, பிப்ரவரி 9ஆம் தேதியே, போய்விட வேண்டும். “எங்கள் கணக்கில் இப்படி வருகிறது, உங்கள் தேதிகளோடு ஒத்துப்போகிறதா?” என்று ஒரு கேள்வியோடு. மேலதிகாரி முன்னிலையில் தன் ஸ்கோர்கார்டு தப்பு என்று கேட்க யாருக்கும் பிடிக்காது. நான்கு நாள் முன்னால் தனியாகக் கேட்டால் அவரே சரிபார்த்து, தன் அதிகாரியிடம் தானே சொல்லிவிடுவார்.

அனுப்பும் முன் ஒரு சின்ன வேலை. எக்செல் பைலில் மறைத்து வைத்த காலம்களைத் தேடிப் பார்ப்பது. அடக்க விலையும் லாபமும் இருக்கும் காலத்தை ‘ஹைட்’ செய்துவிட்டு அப்படியே பையருக்கு அனுப்பியவர்கள் உண்டு. எதிர்முனையில் இரண்டு சொடுக்கில் அது திறந்துகொள்ளும். அதன் பிறகு விலை பேசுவது வேறு அனுபவம். புதிய பைல் ஒன்றைத் திறந்து, வேண்டியதை மட்டும் மதிப்புகளாக ஒட்டி அனுப்புவதே உத்தமம்.

இப்போதுதான் பேசும் குறிப்புகள்.

அமேசான் நிறுவனத்தில் 2004இல் ஜெஃப் பெசோஸ், மேல்மட்டக் கூட்டங்களில் பவர்பாயின்ட் ஸ்லைடுகளே கூடாது, முழு வாக்கியங்களில் எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார். புள்ளி வைத்து எழுதும் துண்டு வரிகளில் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் என்ன தொடர்பு என்பது மறைந்துபோகிறது என்பது காரணம். திருப்பூரில் ஆறு பக்கக் கட்டுரை எழுத யாருக்கும் நேரம் கிடையாது. ஆனால் அந்தக் காரணம் இங்கும் பொருந்தும். ‘சாயப் பிரச்சினை, நடவடிக்கை எடுக்கப்பட்டது’ என்று குறிப்பில் எழுதிக்கொண்டு போனவர், “என்ன நடவடிக்கை?” என்ற கேள்வியில் தடுமாறுவார். குறிப்பு மூன்றே மூன்று போதும். ஒவ்வொன்றும் நான்கைந்து முழு வாக்கியமாக, என்ன நடந்தது, ஏன், என்ன மாற்றினோம், என்ன கேட்கிறோம் என்று ஒரு தாளில் அடங்கினால் போதும்.

எது முதலில்? நம் தப்புதான் முதலில். பையரின் குவாலிட்டி மேனேஜர் கூட்டத்துக்கு வந்திருப்பதே அதைக் கேட்கத்தான். கேட்கும்வரை அவர் வேறு எதையும் கவனிக்க மாட்டார்.

இந்த இடத்தில் சாயம் ஏன் தேறவில்லை என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். பேசும் குறிப்பின் தரம் இதில்தான் தெரியும். துணியின் நிறம் பையர் ஒப்புக்கொண்ட மாதிரியோடு ஒத்திருக்கிறதா என்று ஒரு பெட்டிக்குள் வைத்துப் பார்ப்பார்கள். லைட் பாக்ஸ். அதில் பலவகை விளக்குகள் உண்டு. டி65 என்பது பகல் வெளிச்சம் மாதிரி. டிஎல்84 என்பது ஐரோப்பியக் கடைகளில் எரிந்துவந்த குழல்விளக்கு மாதிரி. ஒரே துணி டி65இல் மாதிரியோடு அச்சாக ஒத்துப்போகும், டிஎல்84இல் போட்டால் லேசாகச் சிவப்படிக்கும். இரண்டு துணியிலும் ஒரே நிறத்தை வேறு வேறு சாயக் கலவையால் வரவழைத்திருந்தால் இப்படி ஆகும். பட்டுச் சேலைக்கு ரவிக்கைத் துணி எடுக்கப் போனவர்கள் கடை வாசலுக்கு வந்து வெயிலில் பிடித்துப் பார்ப்பது இதற்காகத்தான்.

நம் உதாரணக் கம்பெனியில் நடந்தது அதுதான். வெளியே ஜாப் ஒர்க் செய்த சாயப்பட்டறை டி65இல் மட்டும் பார்த்துத் தேற்றிவிட்டது. பையரின் பரிசோதகர் டிஎல்84ஐப் போட்டதும் ஒரு லாட் முழுவதும் நின்றது.

சாயப்பட்டறையை முன்வைத்துத் தப்பிக்கிற வாக்கியம் ஒன்று எல்லோர் வாயிலும் தயாராக இருக்கும்: “டையிங்காரர் சொதப்பிட்டார்.” அதைக் குறிப்பில் சேர்க்கவே கூடாது. பையருக்கு அந்தப் பட்டறையைத் தெரியாது. அவர் காசு கொடுப்பது நம்மிடம். முதல் குறிப்பு இப்படி இருக்கும்:

“இரண்டு ஆர்டர் எங்களால் ஒன்பது நாள் பிந்தின. நிறத்தை ஒரே விளக்கில் பார்த்துத் தேற்றியதுதான் காரணம். ஜனவரியிலிருந்து ஒவ்வொரு லாட்டும் இரண்டு விளக்கிலும் பார்க்கப்பட்டு, துணித்துண்டில் எங்கள் ஆள் கையெழுத்திட்ட பிறகே அடுத்த வேலைக்குப் போகிறது. ஜனவரியில் ஓடிய லாட்டுகளின் துணித்துண்டுகளைக் கூரியரில் அனுப்பியிருக்கிறோம். மூன்றாவதாக ஒரு ஆர்டர் வெள்ளத்தால் கப்பலைத் தவறவிட்டது; அதையும் எங்கள் கணக்கில்தான் எண்ணியிருக்கிறோம்.”

‘இனிமேல் நடக்காது’ என்ற வாக்கியம் இதில் இல்லை என்பதைக் கவனிக்கலாம். துணித்துண்டு கையில் இருப்பவருக்கு அந்த வாக்குறுதி தேவைப்படாது.

இரண்டாவது குறிப்பு கடல் பற்றியது. இதில் செய்யக்கூடாத காரியம், பழைய மதிப்பெண்ணைத் திருத்தச் சொல்லிக் கேட்பது. முடிந்த காலாண்டின் 75 அவர்கள் கணினியில் ஏறிவிட்டது. அதை மாற்ற அங்கே நான்கு பேர் கையெழுத்திட வேண்டியிருக்கும். கேட்க வேண்டியது இனி எந்தக் கடிகாரத்தைப் பார்ப்பது என்பதை. “சப்ளையரின் நேரத்தைக் கப்பல் ஏறிய தேதியில் எண்ணுங்கள். கிடங்கில் இறங்கிய தேதியைக் கப்பல் கம்பெனியின் நேரமாகத் தனியாக எண்ணுங்கள்.” பையரின் லாஜிஸ்டிக்ஸ் ஆளுக்கு இதில் ஆதாயம் உண்டு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால் எந்தக் கப்பல் கம்பெனி சொதப்புகிறது என்பது அவருக்கும் தெரியாது.

மூன்றாவது, லேப் டிப். இதில் நாக்கு வழுக்கும். “நீங்கள்தான் 11 நாள் லேட்” என்று சொல்ல ஆசையாக இருக்கும். ஆதாரமும் மெயிலில் இருக்கிறது. ஆனால் அதே மெயில் பெட்டியில் இன்னொன்றும் தெரியும். ஒப்புதல் பிந்தியபோது, ‘இதனால் கப்பல் தேதியும் தள்ளும், ஆர்டரைத் திருத்தித் தாருங்கள்’ என்று கம்பெனி ஒரு வரிகூட எழுதவில்லை. ராத்திரி ஷிப்ட் போட்டுச் சமாளித்துவிடலாம் என்று நினைத்தார்கள், முடியவில்லை. ஆகவே குறிப்பு இப்படித்தான் அமைய முடியும்: ஒரு ஆர்டரில் ஒப்புதல் பிந்தியது, நாங்களும் அப்போதே தேதி திருத்தம் கேட்கவில்லை, இனி ஒப்புதல் எத்தனை நாள் பிந்துகிறதோ அத்தனை நாள் கப்பல் தேதியும் ஆர்டரில் தள்ளட்டும், நாங்கள் மூன்று நாளுக்குள் கேட்கிறோம், நீங்கள் மூன்று நாளுக்குள் திருத்துங்கள். நடந்துபோன ஒரு தவறைக் கொடுத்து, வரப்போகும் சீசன்களுக்கு ஒரு விதியை வாங்குவது இது.

அந்தத் தாளில் ஏறாத இன்னொரு தாளும் உண்டு. அது அறையை விட்டு வெளியே போகாது. பையர் என்ன கேட்பார், எதுவரை போகலாம் என்பது அதில். தாமதமான இரண்டில் ஒன்றைக் கம்பெனி சொந்தச் செலவில் விமானத்தில் அனுப்பிவிட்டது. மற்றது 3,600 உருப்படி, ஒன்றுக்கு 3.20 டாலர், மொத்தம் 11,520 டாலர். அதற்குப் பையர் ஐந்து சதவீதத் தள்ளுபடி கேட்கக்கூடும், 576 டாலர். மூன்று சதவீதம் வரை தரலாம் என்று முதலாளி முடிவு செய்கிறார். ஆனால் கூட்டத்தில் எந்த எண்ணையும் சொல்வதில்லை என்றும் முடிவாகிறது. கேட்டால், “20ஆம் தேதிக்குள் எழுத்தில் பதில் தருகிறோம்” என்பது மட்டும். ஆர்டரைப் பற்றிப் பேச வந்தவர்கள் முன்னால் பணம் பேசினால் மற்ற இரண்டு குறிப்பும் தள்ளுபடிக்கு விலையாகிவிடும். விலையை உயர்த்திக் கேட்கும் யோசனையையும் முதலாளி அன்றைக்கு ஒத்திவைத்தார். 75 என்ற எண் திரையில் இருக்கும்போது அதைக் கேட்க முடியாது.

கூட்டத்தில் யார் பேசுவது என்பதும் முன்பே முடிவாக வேண்டும். சாயம் பற்றிக் குவாலிட்டி ஆள், தேதி பற்றி மெர்ச்சண்டைசர், முதலாளி முதலிலும் கடைசியிலும். பேசாத ஒருவர் இருக்க வேண்டும். அவர் வேலை எழுதுவது. குறிப்பாக, எதிர்முனையில் இருப்பவர் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுவது. ‘சரி’ என்றாரா, ‘பார்க்கலாம்’ என்றாரா, ‘எங்கள் டீமிடம் கேட்கிறேன்’ என்றாரா? மூன்றும் மூன்று விஷயம். சந்தோஷத்தில் இருக்கும்போது மூன்றுமே ‘சரி’ என்று காதில் விழும்.

கூட்டம் முடிந்தது. சாயம் பற்றிய விளக்கம் ஏற்கப்பட்டது. லேப் டிப் விதிக்கு அந்தப் பக்கம் மெர்ச்சண்டைசிங் தலைவர் சம்மதித்தார். கடிகாரம் பற்றி லாஜிஸ்டிக்ஸ் ஆள், ஒரு காலாண்டு இரண்டு தேதியையும் சேர்த்துக் காட்டிப் பார்க்கலாம் என்றார். ஐந்து சதவீதத்தைக் கேட்டார்கள்; 20ஆம் தேதிப் பதில் சொல்லப்பட்டது. கோடைச் சரக்கு எவ்வளவு தருவார்கள் என்பது பற்றி எதுவும் சொல்லவில்லை.

இனி மெயில். அன்று மாலையே போக வேண்டும். பிந்தினால் மறுநாள் மதியத்துக்குள். நேரம் கடந்தால் இரு தரப்பின் ஞாபகமும் தத்தம் வசதிக்கு வளையத் தொடங்கும். அதோடு, முதலில் எழுதுகிறவர் கையில்தான் வார்த்தை இருக்கிறது. பையர் மினிட்ஸ் அனுப்புவார் என்று காத்திருந்தால் அவர் வார்த்தையில் நாம் திருத்தம் கேட்க வேண்டியிருக்கும்.

மெயில் ஆங்கிலத்தில்தான் போகும். சாரத்தைத் தமிழில் போட்டால் இப்படி இருக்கும்:

“பொருள்: அக்டோபர்–டிசம்பர் 2023 ஆய்வு: முடிவானவை, நிலுவையில் உள்ளவை

இன்று நேரம் ஒதுக்கியதற்கு நன்றி. நாங்கள் குறித்துக்கொண்டவை கீழே.

முடிவானவை. ஒன்று: எங்கள் எல்லா லாட்டுகளும் டி65, டிஎல்84 இரண்டிலும் தேற்றப்படும்; மாதக் கடைசியில் துணித்துண்டுகள் உங்கள் குவாலிட்டி மேனேஜருக்கு வரும், முதல் பார்சல் பிப்ரவரி 29. பொறுப்பு: எங்கள் குவாலிட்டி மேனேஜர். இரண்டு: நிறமாதிரி ஒப்புதல் பிந்தினால் கப்பல் தேதியும் அதே அளவு தள்ளும், நாங்கள் மூன்று வேலைநாளில் கேட்போம், நீங்கள் மூன்று வேலைநாளில் ஆர்டரைத் திருத்துவீர்கள். மூன்று: நேரக் கணக்கு இனி கப்பல் ஏறிய தேதியில் எடுக்கப்படும்.

நிலுவையில் உள்ளது. 3,600 உருப்படி ஆர்டருக்கு நீங்கள் கேட்ட தள்ளுபடி எங்கள் பரிசீலனையில் உள்ளது. பதில் பிப்ரவரி 20, செவ்வாய்க்கிழமைக்குள்.

எங்கள் கேள்வி ஒன்று. கோடைச் சரக்கின் உத்தேச அளவு எப்போது தெரியும்?

இதில் ஏதாவது நீங்கள் புரிந்துகொண்டதிலிருந்து மாறுபட்டால் வெள்ளிக்கிழமைக்குள் திருத்தித் தாருங்கள்.”

மாதத்தை எழுத்தில் எழுதுவது சும்மா அல்ல. 3/4 என்று போட்டால் ஒருவருக்கு ஏப்ரல் 3, இன்னொருவருக்கு மார்ச் 4. பையர் ‘வாரம் 12’ என்று சொன்னாலும் அது எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும். கடைகளின் வார எண்ணும் காலண்டரின் வார எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

தள்ளுபடி வரியில் ‘பரிசீலனையில்’ என்ற ஒரு சொல் 576 டாலருக்குக் காவல் நிற்கிறது. ‘கொள்கையளவில் ஒத்துக்கொள்கிறோம்’ என்று மரியாதைக்காக எழுதுபவர்கள் உண்டு. மெயில் வெறும் பேச்சுதானே, ஒப்பந்தம் தனியாகக் கையெழுத்தாகும் என்ற நினைப்பு. 2010 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், துபாயின் டிரைமெக்ஸ் நிறுவனத்துக்கும் வேதாந்தா அலுமினியத்துக்கும் இடையிலான வழக்கில், முறையான ஒப்பந்தப் பத்திரம் கையெழுத்தாகாவிட்டாலும் மெயிலில் கேட்டதும் மெயிலில் ஏற்றதுமே ஒப்பந்தம்தான் என்று சொன்னது. ஒவ்வொரு மெயிலும் ஒப்பந்தம் ஆகிவிடாது. ஆனால் எண்ணும் சம்மதமும் ஒரே வரியில் இருக்கும் மெயில் அதற்கு ரொம்பப் பக்கத்தில் நிற்கிறது.

கடைசி வரிக்கும் ஓர் எல்லை உண்டு. ‘வெள்ளிக்கிழமைக்குள் திருத்துங்கள்’ என்று எழுதிவிட்டதால், பதில் வராவிட்டால் அவர்கள் ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும் என்று நினைக்கக்கூடாது. மௌனம் சம்மதம் என்பது கல்யாண வீட்டில் செல்லும். ஒப்பந்தச் சட்டத்தில் பொதுவாகச் செல்லாது. யார் எதைச் சொன்னார்கள் என்ற பதிவுக்கு அந்த வரி போதும். தேதியையோ பணத்தையோ மாற்றுகிற விஷயத்துக்கு, இங்கே லேப் டிப் விதி மாதிரியானதற்கு, ‘ஆம்’ என்று பதிலாக எழுதி வாங்க வேண்டும். ஒரு வாரம் கழித்து ஒரு போன் போட்டாவது.

இந்த மெயிலில் ஒரு பிழை இருக்கிறது. கூர்ந்து படித்தவர்கள் பிடித்திருப்பார்கள். அதை எழுதியவரும் அனுபவசாலிதான். கூட்டம் நன்றாகப் போன உற்சாகத்தில் வந்தது.

வியாழக்கிழமை லாஜிஸ்டிக்ஸ் ஆளிடமிருந்து பதில் வந்தது. மூன்றாவது முடிவு தான் சொன்னது இல்லை என்றார். ஒரு காலாண்டுக்கு இரண்டு தேதியையும் அருகருகே காட்டிப் பார்ப்பதாகச் சொன்னேனே தவிர, கணக்கையே மாற்றுவதாகச் சொல்லவில்லை. கூட்டத்தில் எழுதியவரின் நோட்டைப் புரட்டினால், அவர் சொன்ன வார்த்தை அப்படியே இருந்தது: ‘ட்ரை பண்ணலாம், ஒரு குவார்ட்டர்.’ மெயில் எழுதியவர் நோட்டைப் பார்க்காமல் ஞாபகத்திலிருந்து எழுதியிருந்தார்.

அரை மணி நேரத்தில் திருத்திய மெயில் போனது. மூன்றாவது வரி ‘முடிவானவை’யிலிருந்து இறங்கி, ‘சோதனை முறையில்: ஜனவரி–மார்ச் காலாண்டுக்கு இரண்டு தேதியும் காட்டப்படும், ஏப்ரல் ஆய்வில் முடிவெடுக்கப்படும்’ என்று ஆனது. விளக்கமோ வருத்தமோ இல்லை. ‘நீங்கள் சொன்னது சரி, கீழே திருத்தியிருக்கிறோம்’ என்ற ஒரு வரியோடு. மற்ற இரண்டு முடிவுக்கும் அந்தப் பதிலின் கீழேயே அவர்கள் மெர்ச்சண்டைசிங் தலைவர் ‘ஆம்’ என்று எழுதியிருந்தார். கோடைச் சரக்கு பற்றிய கேள்விக்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை. மெர்ச்சண்டைசர் அதை அப்படியே வெட்டி, ஏப்ரல் கூட்டத்துக்கென்று திறந்த புதிய தாளில் முதல் வரியாக ஒட்டிக்கொண்டார்.